பிரைம் வீடியோ சந்தா: விலைக்கேற்ற சரக்கு இருக்கிறதா?

அமேசானின் பிரைம் வீடியோ இந்தியாவுக்கு வந்தது 2016 டிசம்பரில். அதற்குச் சில மாதங்கள் முன்பே, பொருட்களை விரைவாக வீட்டுக்குக் கொண்டுவந்து தரும் பிரைம் சந்தா ஆண்டுக்கு 499 ரூபாய் அறிமுக விலையில் விற்பனைக்கு வந்திருந்தது. படம் பார்க்கும் வசதி அதே சந்தாவில் கூடுதல் பணம் இல்லாமல் சேர்க்கப்பட்டது. இன்று அந்த ஆண்டுச் சந்தா 1,499 ரூபாய். விளம்பரம் இல்லாமல் பார்க்க வேண்டுமென்றால் மேலும் 699 ரூபாய் கட்ட வேண்டும். ஆக மொத்தம் 2,198 ரூபாய். தொடக்க விலையைப்போல் நான்கு மடங்குக்கும் அதிகம். இந்தப் பணத்துக்கு ஒரு தமிழ்க் குடும்பத்துக்குக் கிடைப்பது என்ன என்பதைப் படங்களின் இருப்பு, தமிழில் கிடைப்பவை, படத்தின் தெளிவு, விலை என்ற வரிசையில் பார்க்கலாம். இங்கே குறிப்பிடப்படும் விலைகள் 2025இல் நடப்பில் இருந்தவை.

படங்களின் இருப்பு

செயலியைத் திறந்ததும் திரையில் வரிசை வரிசையாகத் தெரியும் படங்கள் எல்லாமே சந்தாவுக்குள் அடங்கியவை என்றுதான் புதிதாகச் சேருபவர் நினைப்பார். உண்மையில் அங்கே மூன்று வகைச் சரக்கு கலந்து கிடக்கிறது. முதல் வகை, சந்தா கட்டியவர் அப்படியே பார்க்கக்கூடியவை. இரண்டாவது வகை, தனியாக வாடகை செலுத்திப் பார்க்க வேண்டியவை. இந்த வாடகைக் கடை இந்தியாவில் 2022இல் திறக்கப்பட்டது. மூன்றாவது, 2021 முதல் சேர்க்கப்பட்டுவரும் மற்ற நிறுவனங்களின் சேனல்கள். அவற்றுக்கும் தனிச் சந்தா உண்டு. தனியாகப் பணம் கேட்கும் படத்தின் மேல் மஞ்சள் நிறத்தில் சிறிய கடைப்பை அடையாளம் இருக்கும். அதைக் கவனிக்கத் தெரிந்துகொண்டாலே பாதி ஏமாற்றம் குறையும். ஆனால் தொலைக்காட்சியில் எட்டடி தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அந்த அடையாளம் எளிதில் கண்ணில் படுவதில்லை. சந்தாவில் அடங்கியவற்றை மட்டும் காட்டும் நிலையை எடுத்த எடுப்பிலேயே தராதது இந்தச் சேவையின் பெரிய குறை.

வாடகை முறை தமிழ்ப் படங்களை எப்படித் தொட்டது என்பதற்கு 'பொன்னியின் செல்வன்' முதல் பாகம் நல்ல சான்று. 2022 செப்டம்பர் 30 அன்று திரையரங்குகளில் வெளியான அந்தப் படம், அக்டோபர் 28 அன்று பிரைமில் 199 ரூபாய் வாடகைக்கு வந்தது. சந்தாதாரர்களும் அந்த வாரம் தனியாகப் பணம் கட்டித்தான் பார்க்க முடிந்தது. கூடுதல் கட்டணம் இல்லாமல் அவர்களுக்குக் கிடைத்தது நவம்பர் 4 அன்றுதான். ஏறக்குறைய ஒரு வாரக் காத்திருப்புக்கு 199 ரூபாய் விலை வைக்கப்பட்டது. அதே ஆண்டு மே மாதம் 'கே.ஜி.எஃப். 2' படத்துக்கும் இதேபோல் வாடகை கேட்கப்பட்டது. வாடகைக்கு எடுத்த படத்தை முப்பது நாட்களுக்குள் தொடங்க வேண்டும். தொடங்கிவிட்டால் 48 மணி நேரத்தில் பார்த்து முடிக்க வேண்டும் என்பது அப்போது வைக்கப்பட்ட நிபந்தனை.

சந்தாவுக்குள் இருக்கும் படங்களும் என்றென்றைக்கும் இருப்பவை அல்ல. நிறுவனமே தயாரித்த தொடர்கள் நிலைத்து நிற்கும். மற்றவை குறிப்பிட்ட காலத்துக்கு உரிமம் பெற்று வைக்கப்பட்டவை. காலம் முடிந்ததும் அவை வேறொரு தளத்துக்குப் போகலாம், எங்குமே இல்லாமலும் போகலாம். சில நேரங்களில் நீதிமன்றமும் குறுக்கே வரும். 2025 மே மாதம் நெட்ஃபிளிக்ஸில் வந்த 'குட் பேட் அக்லி' படம், அதில் பயன்படுத்தப்பட்ட பழைய பாடல்கள் தொடர்பாக இளையராஜா தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்ததைத் தொடர்ந்து, அதே ஆண்டு செப்டம்பரில் அந்தத் தளத்திலிருந்து இறக்கப்பட்டது. அதைப் பார்க்கவென்றே சந்தா கட்டியிருந்தவர் யாரிடமும் பணத்தைத் திருப்பிக் கேட்க வழியில்லை. ஓடிடியில் எந்தப் படமும் பார்ப்பவருக்குச் சொந்தம் இல்லை. இருக்கும் வரை பார்க்கும் உரிமை மட்டுமே விற்கப்படுகிறது.

ஆகவே ஒரு தளத்தில் எத்தனை ஆயிரம் படங்கள் இருக்கின்றன என்ற விளம்பர எண்ணிக்கையால் பயன் எதுவும் இல்லை. சந்தா கட்டும் முன் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் உண்மையாகவே பார்க்க விரும்பும் படங்கள், தொடர்கள் என்று ஒரு இருபது பெயரைத் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். ஒவ்வொன்றையும் தளத்தில் தேடி, சந்தாவில் அடங்கியதா, வாடகையா, இல்லவே இல்லையா என்று எதிரில் குறிக்க வேண்டும். பிரைமின் இணையப் பக்கத்தில் சந்தா இல்லாமலே தேடிப் பார்க்கலாம். இருபதில் எட்டு சந்தாவில் இருந்தால் நல்ல நிலை. நான்குக்குக் கீழே போனால், அந்தத் தளம் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அந்த வீட்டுக்குப் பொருந்தாது.

தமிழில் என்ன இருக்கிறது

பிரைம் தமிழில் காலூன்றியது கொரோனா காலத்தில். திரையரங்குகள் மூடியிருந்த 2020 மே 29 அன்று 'பொன்மகள் வந்தாள்' நேரடியாக அதில் வெளியானது. திரையரங்கு உரிமையாளர்கள் அதைக் கடுமையாக எதிர்த்தார்கள். ஆனால் அதே ஆண்டு நவம்பரில் 'சூரரைப் போற்று', 2021 ஜூலையில் 'சார்பட்டா பரம்பரை', நவம்பரில் 'ஜெய் பீம்' என்று திரையரங்கைத் தொடாமலே வந்த படங்கள் ஊரெங்கும் பேசப்பட்டன. 'சூரரைப் போற்று' சிறந்த படம் உட்பட ஐந்து தேசிய விருதுகளைப் பெற்றது. இந்த இரண்டு ஆண்டுகளில் தமிழ்ப் பார்வையாளர் ஒருவருக்கு பிரைம் சந்தா கொடுத்த பணத்துக்கு மேலேயே பலன் தந்தது என்று தயங்காமல் சொல்லலாம். 999 ரூபாய்க்கு அந்த மூன்று படங்களும் கிடைத்ததே போதுமானது.

திரையரங்குகள் திறந்த பிறகு நிலை மாறியது. இப்போது பெரிய தமிழ்ப் படம் திரையரங்கில் ஓடி நான்கு வாரம் கழித்தே ஓடிடிக்கு வருகிறது. 2023 ஆகஸ்ட் 10 அன்று வெளியான 'ஜெயிலர்' செப்டம்பர் 7 அன்று பிரைமுக்கு வந்தது. 'வாரிசு', 'கேப்டன் மில்லர்', 'ராயன்', 'வேட்டையன்', 'கூலி' ஆகியவையும் பிரைமில்தான் வந்தன. ஆனால் 'லியோ', 'மகாராஜா', 'அமரன்', 'தக் லைஃப்' ஆகிய படங்களை நெட்ஃபிளிக்ஸ் வாங்கியது. கமல்ஹாசனின் 'விக்ரம்' ஹாட்ஸ்டாருக்குப் போனது. இந்தச் சிதறலின் உச்சம் 'விடுதலை'. முதல் பாகம் ஜீ5 தளத்தில், இரண்டாம் பாகம் பிரைமில். ஒரே கதையின் தொடக்கத்தையும் முடிவையும் பார்க்க இரண்டு நிறுவனங்களுக்குப் பணம் கட்ட வேண்டிய நிலை. ஒரு கதாநாயகனின் படங்கள், ஓர் இயக்குநரின் படங்கள் என்று ஒரே இடத்தில் தேடுவது இனி நடக்காது. தயாரிப்பாளர் படத்துக்குப் படம் தனியாக விலை பேசுகிறார். கூடுதலாகக் கொடுக்கும் தளத்துக்குப் படம் போகிறது.

தமிழுக்கென்றே எடுக்கப்படும் தொடர்கள்தான் ஒரு தளத்தின் அக்கறையை அளக்க உதவும் சரியான அளவுகோல். திரைப்படத்தை யார் வேண்டுமானாலும் விலைக்கு வாங்கலாம். தொடரை எடுக்க எழுத்தாளரை, இயக்குநரை, களத்தைத் தேடிப் போக வேண்டும். பிரைமின் முதல் நெடுந்தொடர் புஷ்கர்-காயத்ரி உருவாக்கிய 'சுழல்'. 2022 ஜூனில் வந்தது. ஒரு சிறு மலையூரில் மயானக் கொள்ளைத் திருவிழா நடக்கும் நாட்களில் காணாமல் போகும் பெண்ணைத் தேடும் கதை. ஊரின் சடங்குகளையே துப்பறியும் கதையின் முதுகெலும்பாக்கிய விதத்தில் அது இன்றும் தனித்து நிற்கிறது. அதே ஆண்டு டிசம்பரில் எஸ்.ஜே. சூர்யா நடித்த 'வதந்தி' வந்தது; கன்னியாகுமரிப் பக்கத்து மண்ணும் பேச்சும் அதில் இருந்தன. பிறகு ஆறு சிறுகதைகளின் தொகுப்பான 'மாடர்ன் லவ் சென்னை', காட்டில் நடக்கும் 'இன்ஸ்பெக்டர் ரிஷி', 2024 செப்டம்பரில் 'தலைவெட்டியான் பாளையம்' என்று வந்தன. கடைசியில் சொன்னது 'பஞ்சாயத்' என்ற இந்தித் தொடரின் மறு ஆக்கம். டப்பிங் செய்து ஒப்பேற்றாமல் திருநெல்வேலிச் சீமைக்குக் கதையை முழுக்க இடம் மாற்றி எடுத்தது பாராட்டத்தக்கது.

குறை தரத்தில் இல்லை, எண்ணிக்கையில். பேர் சொல்லும்படியான தமிழ்த் தொடர் ஆண்டுக்கு இரண்டு, மூன்று என்ற அளவிலேயே வருகிறது. 'சுழல்' இரண்டாம் பாகம் 2025 பிப்ரவரி இறுதியில் வந்தது. முதல் பாகத்துக்கும் அதற்கும் இடையே இரண்டு ஆண்டு எட்டு மாதம். அந்த இடைவெளியில் ஆண்டுச் சந்தாவைத் தொடர்ந்து கட்டி வந்தவர், தமிழ்த் தொடருக்காக மட்டும் கட்டியிருந்தால், பெரும்பாலான மாதங்களில் வெறும் கையோடு இருந்திருப்பார்.

அடுத்து, மொழிமாற்றம். இங்கே உரிமை மொழிவாரியாகப் பிரித்து விற்கப்படுவதைப் புரிந்துகொள்ள வேண்டும். 'ஆர்.ஆர்.ஆர்.' படத்தின் இந்தி வடிவம் நெட்ஃபிளிக்ஸுக்கும், தமிழ் உட்பட்ட தென்மொழி வடிவங்கள் ஜீ5 தளத்துக்கும் போயின. 'புஷ்பா' முதல் பாகம் பிரைமில் தெலுங்கு, தமிழ், மலையாளம், கன்னடம் ஆகிய மொழிகளில் ஒரு நாளிலும், இந்தியில் ஒரு வாரம் கழித்தும் வந்தது. எனவே ஒரு படம் தளத்தில் இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்தால் மட்டும் போதாது. அதன் தமிழ் ஒலித்தடம் அங்கே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சில படங்களுக்கு ஒவ்வொரு மொழி வடிவமும் தனித்தனிப் பதிவாக இருக்கும். சிலவற்றுக்கு ஒரே பதிவில் ஒலியை மாற்றிக்கொள்ளும் வசதி இருக்கும். தேடலில் முதலில் வருவது தெலுங்கு வடிவமாக இருந்தால், தமிழே இல்லை என்று முடிவு கட்டிப் பலர் விட்டுவிடுகிறார்கள். படத்தின் பெயரோடு தமிழ் என்ற சொல்லையும் சேர்த்துத் தேடினால் சரியான பதிவு கிடைத்துவிடும்.

வெளிநாட்டுத் தொடர்களில் மிகப் பெரியவற்றுக்கு மட்டும் தமிழ் டப்பிங் தரப்படுகிறது. 2022இல் வந்த 'தி ரிங்ஸ் ஆஃப் பவர்' தமிழிலும் வந்தது. நடுத்தர அளவிலான தொடர்களுக்கு அது பெரும்பாலும் இல்லை. பழைய தமிழ்ப் படங்களின் நிலை இதைவிட மோசம். கறுப்பு-வெள்ளைக் காலத்துப் படங்களைத் தேடும் பெரியவர்களுக்கு இந்தத் தளத்தில் கிடைப்பது சொற்பம். உரிமை வைத்திருக்கும் நிறுவனங்கள் யூடியூபில் இலவசமாகவே ஏற்றிவைத்திருக்கும் படங்கள்தான் அவர்களுக்குத் துணை. வீட்டில் தொலைக்காட்சி முன் அதிக நேரம் உட்காருபவர்கள் அவர்கள்தான் என்பதால், சந்தா கட்டும் முன் இதை எண்ணிப் பார்ப்பது நல்லது.

படத்தின் தெளிவு

ஓடிடியில் படத்தின் தெளிவைத் தீர்மானிப்பவை இரண்டு: திரையில் எத்தனை புள்ளிகள், ஒவ்வொரு நொடியும் எவ்வளவு தரவு. விளம்பரங்கள் முதலாவதைப் பற்றி மட்டுமே பேசுகின்றன. 4K என்றால் முழு HD படத்தைப்போல் நான்கு மடங்கு புள்ளிகள். ஆனால் 43 அங்குலத் திரையில், சுமார் ஐந்தரை அடிக்கு அப்பால் உட்கார்ந்து பார்க்கும் சாதாரணப் பார்வையுள்ள ஒருவரால் முழு HDக்கும் 4Kக்கும் புள்ளிகளின் எண்ணிக்கையால் வரும் வேறுபாட்டைக் காண முடியாது. 55 அங்குலத் திரைக்கு அந்தத் தூரம் ஏறக்குறைய ஏழடி. நம் வீட்டுக் கூடங்களில் சோபா எட்டு, ஒன்பது அடி தள்ளித்தான் இருக்கும். ஆகவே 4K கிடைக்கவில்லையே என்ற கவலை பல வீடுகளுக்குத் தேவையற்றது. கண்ணுக்குத் தெரியும் கோளாறு இரண்டாவதில்தான் இருக்கிறது.

இணைய வேகம் குறையும்போது தளம் படத்தை நிறுத்தாமல் தரவின் அளவைக் குறைத்து அனுப்பும். அப்போது முதலில் கெடுவது இருட்டான காட்சி. முகங்கள் தெளிவாகவே இருக்கும்; பின்னால் இருக்கும் இரவு வானமும் சுவரின் நிழலும் கட்டம் கட்டமாக உடையும், அல்லது பட்டை பட்டையாகத் தெரியும். எனவே தெளிவைச் சோதிக்கப் பகல் காட்சியைத் தேர்வு செய்யக் கூடாது. 'இன்ஸ்பெக்டர் ரிஷி'யின் காட்டு இரவுகளோ 'சுழல்' தொடரின் இரவுத் திருவிழாவோ சரியான சோதனை. தொடங்கிய முதல் சில நொடிகள் மங்கலாகத்தான் இருக்கும்; தளம் வேகத்தை அளந்துகொள்ளும் நேரம் அது. இரண்டு நிமிடம் பொறுத்துப் பார்த்த பிறகும் நிழல்கள் உடைந்தே இருந்தால் எங்கோ தடை இருக்கிறது என்று பொருள்.

அந்தத் தடை எங்கே என்று கண்டுபிடிக்க ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் தொலைக்காட்சியிலேயே வேகத்தை அளக்க வேண்டும். கைபேசியில் 50 எம்பிபிஎஸ் காட்டும் அதே வைஃபை, சுவருக்கு அப்பால் இருக்கும் தொலைக்காட்சியில் 8 காட்டலாம். HD தரத்துக்கு நொடிக்கு 5 மெகாபிட் தடையில்லாமல் கிடைத்தால் போதும். 4Kக்கு 15க்கு மேல் வேண்டும். ரவுட்டரிலிருந்து ஒரு கேபிளை நேராகத் தொலைக்காட்சிக்கு இழுத்துவிட்டால் பாதி வீடுகளில் சிக்கல் தீர்ந்துவிடும். அதன் பிறகும் சரியாகவில்லை என்றால் சந்தாவின் வகையைப் பார்க்க வேண்டும்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பிரைம் என்ற ஒரே பெயரில் பல தரங்கள் விற்கப்படுகின்றன. ஆண்டுக்கு 599 ரூபாய்க்கு 2022இல் அறிமுகமான கைபேசிச் சந்தா ஒருவருக்கு மட்டுமானது. அதில் HD கூடக் கிடையாது. 799 ரூபாய்க்கு விற்கப்படும் பிரைம் லைட் 720 வரித் தரத்தோடு நின்றுவிடும், விளம்பரமும் உண்டு. தொலைபேசி நிறுவனங்களின் ரீசார்ஜோடு இலவசமாகக் கிடைக்கும் பிரைம் பெரும்பாலும் இந்தக் குறைந்த வகைகளில் ஒன்று. அதை வைத்துப் பெரிய திரையில் பார்த்துவிட்டு, தளத்தின் படமே மோசம் என்று முடிவுக்கு வருவது சரியாகாது. ரீசார்ஜ் திட்டத்தின் விவரத்தில் எந்த வகைச் சந்தா என்று தேடிப் படிக்க வேண்டும்.

கைபேசிக்கு இன்னொரு தடை இருக்கிறது. திருட்டுப் பதிவைத் தடுக்க ஆண்ட்ராய்டு கருவிகளில் வைட்வைன் என்ற பூட்டு முறை பயன்படுகிறது. அதில் L1 தரச் சான்று பெற்ற கருவிக்கே தளங்கள் HD அனுப்பும். L3 மட்டும் உள்ள கருவிக்கு, அதன் திரை எவ்வளவு உயர்வானதாக இருந்தாலும், குறைந்த தரமே வரும். விலை குறைந்த கைபேசிகளிலும், பெயர் தெரியாத ஆண்ட்ராய்டுப் பெட்டிகளிலும் இந்தச் சிக்கல் அதிகம். DRM Info போன்ற இலவசச் செயலியை நிறுவினால் கருவியின் நிலை ஒரு நொடியில் தெரிந்துவிடும். கைபேசியில் L1 இருந்தாலும் தரவுச் செலவை மறக்க முடியாது. நொடிக்கு 5 மெகாபிட் என்றால் ஒரு மணி நேரத்துக்கு இரண்டேகால் ஜிபி ஆகிறது. நாளுக்கு 2 ஜிபி தரும் ரீசார்ஜ் ஒரு படத்தின் இடைவேளைக்கு முன்பே தீர்ந்துவிடும்.

விலை ஏறிய விதம்

499 ரூபாயில் தொடங்கிய ஆண்டுச் சந்தா 2017இல் 999 ஆனது. நான்கு ஆண்டுகள் அங்கேயே நின்றது. 2021 டிசம்பர் 14 அன்று 1,499 ஆனது. மாதச் சந்தா 129 ரூபாயிலிருந்து 179க்கும், மூன்று மாதச் சந்தா 329 ரூபாயிலிருந்து 459க்கும் ஏறின. அதே நாளில்தான் நெட்ஃபிளிக்ஸ் இந்தியாவில் தன் விலைகளைக் குறைத்தது என்பதும் பதிவு செய்யத்தக்கது. அதன் 499 ரூபாய் மாதத் திட்டம் 199 ஆகவும், 799 ரூபாய்த் திட்டம் 649 ஆகவும் இறங்கின. ஒன்று மலிவாக நுழைந்து ஆள் சேர்த்தபின் ஏற்றியது. மற்றொன்று உயர்ந்த விலையில் நுழைந்து ஆள் சேராததால் இறக்கியது.

2023 ஏப்ரலில் பிரைம் ஆண்டு விலையைத் தொடாமல், மாதச் சந்தாவை 179 ரூபாயிலிருந்து 299க்கும், மூன்று மாதச் சந்தாவை 599க்கும் ஏற்றியது. விட்டுவிட்டுக் கட்டுபவர்களை ஆண்டுச் சந்தா பக்கம் தள்ளும் ஏற்றம் இது. ஒரு முறை ஆண்டுக்குக் கட்டிவிட்டவர் நடுவில் விலகுவதில்லை.

அடுத்த இரண்டு மாற்றங்களும் விலைப்பட்டியலில் தெரியாதவை. 2025 ஜனவரியில் கருவிகளுக்கு வரம்பு வந்தது: ஒரு கணக்கில் ஐந்து கருவிகள், அவற்றில் தொலைக்காட்சி இரண்டுக்கு மேல் கூடாது. சென்னையில் மகன் வீடு, ஊரில் பெற்றோர் வீடு, மகள் வீடு என்று ஒரே கணக்கைப் பகிர்ந்துவந்த குடும்பத்துக்கு மூன்றாவது தொலைக்காட்சி அடைபட்டது. 2025 ஜூன் 17 முதல் படங்களுக்கு இடையே விளம்பரம் வரத் தொடங்கியது. அதை நீக்க மாதம் 129 அல்லது ஆண்டுக்கு 699 ரூபாய். 1,499 ரூபாய் அப்படியே இருக்கிறது என்று சொன்னாலும், முன்பு அந்தப் பணத்துக்குக் கிடைத்த அதே பொருளை இன்று வாங்க 2,198 ரூபாய் ஆகிறது. சொல்லாமல் செய்த 47 விழுக்காடு விலையேற்றம் இது. நேரடியாக ஏற்றுவதைவிட இந்த வழி நேர்மைக் குறைவானது. வாங்குபவர் ஒப்பிட்டுப் பார்க்க முடியாதபடி பொருளையே மாற்றிவிடுகிறது.

தானாகப் புதுப்பிக்கும் முறை இந்த ஏற்றங்களுக்கு வசதி செய்து தருகிறது. ரிசர்வ் வங்கியின் விதிப்படி, அட்டையிலிருந்து தொடர் பணம் எடுக்கும் முன் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்னதாக வங்கி தகவல் அனுப்ப வேண்டும். ஆனால் 15,000 ரூபாய் வரையிலான தொகைக்கு ஒவ்வொரு முறையும் ஓடிபி கேட்பதில்லை. யுபிஐ ஆட்டோபேயில் அனுமதி கொடுக்கும்போது திரையில் அதிகபட்சத் தொகை என்று ஒன்று காட்டப்படும். அது இன்றைய விலையைவிடக் கூடுதலாக இருந்தால், நாளைய விலையேற்றத்துக்கும் இன்றே சம்மதம் கொடுத்தாகிவிட்டது. யுபிஐ செயலியின் ஆட்டோபே பகுதிக்குப் போய் அந்த அனுமதியை நிறுத்திவைக்கலாம், நீக்கவும் செய்யலாம். நீக்கினாலும் கட்டிய காலம் முடியும்வரை படம் பார்க்கத் தடையில்லை.

இனி ஒரு குடும்பத்துக்குக் கணக்குப் போடலாம். திருச்சியில் நான்கு பேர் உள்ள வீடு என்று வைத்துக்கொள்வோம். 43 அங்குலத் தொலைக்காட்சி, 50 எம்பிபிஎஸ் இணைப்பு. மாதம் இரண்டு புதுப் படம் பார்ப்பார்கள். ஆண்டுக்கு இருபத்து நான்கு. அவற்றில் பத்து பிரைமில் வருகின்றன என்று கொண்டால், 1,499 ரூபாயில் ஒரு படத்துக்கு 150 ரூபாய் விழுகிறது. நான்கு பேர் சேர்ந்து பார்ப்பதற்கு அது அதிகம் இல்லை. பத்துக்குப் பதில் ஐந்தே வந்தால் படத்துக்கு 300 ரூபாய்; தனித்தனியாக 199 ரூபாய் வாடகைக்கு எடுப்பதே மலிவு.

மாதச் சந்தாவில் இன்னொரு வழி இருக்கிறது. 299 ரூபாயை ஐந்தால் பெருக்கினால் 1,495. ஆண்டுச் சந்தாவும் ஐந்து தனி மாதங்களும் ஏறக்குறைய ஒரே விலை. விளம்பரமில்லாத வகையிலும் இதே கணக்குதான்: மாதம் 428 வீதம் ஐந்து மாதத்துக்கு 2,140, ஆண்டுக்கு 2,198. ஆகவே ஆண்டில் ஐந்து மாதத்துக்கு மேல் இந்தத் தளம் தேவைப்படுமா என்பதே கேள்வி. பெரிய படங்கள் நான்கு வாரத்தில் ஓடிடிக்கு வந்துவிடுவதால், பொங்கல், தீபாவளி வெளியீடுகள் எப்போது தளத்துக்கு வரும் என்பது முன்பே தெரியும். இரண்டு, மூன்று படம் சேர்ந்த பிறகு ஒரு மாதம் கட்டி, முப்பது நாளில் பார்த்து முடித்துவிட்டு நிறுத்தினால், ஆண்டில் மூன்று மாதம் போதும். செலவு 897 ரூபாய். மீதமுள்ள மாதங்களில் ஒன்றிரண்டுக்கு நெட்ஃபிளிக்ஸின் 199 ரூபாய்த் திட்டத்தை இதேபோல் எடுக்கலாம். அதில் தரம் சற்றுக் குறைவு, ஆனால் விளம்பரம் இல்லை.

அமேசானில் அடிக்கடி பொருள் வாங்கும் வீட்டுக்கு இந்தக் கணக்கு மாறும். விரைவு விநியோகத்துக்காக எப்படியும் பிரைம் சந்தா இருக்கும். படங்கள் அதன்மேல் வரும் கூடுதல் லாபம். அவர்களுக்கு விளம்பரத்தோடு கூடிய 1,499 ரூபாய்ச் சந்தா இன்றும் ஏற்கத்தக்கது. படத்துக்காக மட்டும், அதிலும் தமிழுக்காக மட்டும் கட்டும் வீட்டுக்கு ஆண்டுச் சந்தா தேவையில்லை. படங்கள் சேரும் மாதங்களில் மட்டும் கட்டுவதே சரி. 2,198 ரூபாய் கொடுத்து விளம்பரமில்லா ஆண்டுச் சந்தாவை வாங்கும் அளவுக்கு, இன்று பிரைமில் வரும் தமிழ்ச் சரக்கு இல்லை.